முதலில் முடிவதை எடுத்தால் போதுமா? விடைத்தாளில் நிரூபிப்பது எப்படி

ஒரே ஓர் அரங்கு, ஒரே நாள், ஆறு விண்ணப்பங்கள். காலை 8 முதல் பிற்பகல் 2 வரை ஓவியக் கண்காட்சி. 9 முதல் 11 வரை யோகா வகுப்பு. 10.30 முதல் 11.30 வரை சங்கக் கூட்டம். 11 முதல் 1 வரை நாடக ஒத்திகை. 1 முதல் 3 வரை புத்தக வெளியீடு. 1.30 முதல் 4 வரை கச்சேரி. ஒன்று முடிகிற நொடியில் அடுத்தது தொடங்கலாம். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. அதிகபட்சம் எத்தனைக்கு அனுமதி தர முடியும்?

அல்காரிதம் பாடத்தில் இதற்கு ‘இன்டர்வல் ஷெட்யூலிங்’ என்று பெயர். முதலில் தொடங்குவதற்கு முன்னுரிமை தந்தால் கண்காட்சி உள்ளே வந்துவிடும், மற்ற ஐந்தும் அதோடு மோதி வெளியே போகும். மிகக் குறுகியதை எடுத்தால் சங்கக் கூட்டம் வரும். அது யோகாவையும் நாடகத்தையும் தள்ளிவிட, புத்தக வெளியீட்டோடு சேர்த்து இரண்டுதான் தேறும். எது முதலில் முடிகிறதோ அதை எடுத்து, அதோடு மோதுவதை நீக்கி, மீதியில் மறுபடியும் அதையே செய்தால் யோகா, நாடகம், புத்தக வெளியீடு என்று மூன்று கிடைக்கும். இதுதான் சரியான கிரீடி முறை.

தேர்வில் ‘நிரூபிக்க’ என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. “சீக்கிரம் முடிவதை எடுத்தால் மீதி நேரம் அதிகம் இருக்கும், எனவே இதுவே சிறந்தது” என்று பலர் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். உள்ளுணர்வு சரிதான், ஆனால் அது நிரூபணம் ஆகாது. குறுகியதை எடுக்கும் முறைக்கும் இதே தொனியில் ஒரு வாதம் சொல்லலாம்: குறைந்த நேரத்தைச் செலவழித்தால் மீதி அதிகம் இருக்குமே! அந்த முறையோ இரண்டோடு நின்றுவிட்டது. தவறான முறைக்கும் பொருந்துகிற வாதத்துக்கு எப்படி மதிப்பெண் தருவது?

இன்னொரு பொறி, கிரீடி தேர்ந்தெடுத்த பட்டியலும் சிறந்த பட்டியலும் ஒன்றே என்று காட்ட முயல்வது. அது உண்மையே அல்ல. யோகா, நாடகம், கச்சேரி என்ற பட்டியலிலும் மூன்று நிகழ்ச்சிகள் இருக்கின்றன. காட்ட வேண்டியது எண்ணிக்கை சமம் என்பதை மட்டுமே.

கிளைன்பெர்க், டார்டோஷ் எழுதிய பாடநூலில் உள்ள வழி, ‘கிரீடி எப்போதும் முந்தியே இருக்கிறது’ என்று காட்டுவது. கிரீடி எடுத்தவற்றை வரிசையாக i₁, …, iₖ என்றும், ஏதோ ஒரு சிறந்த பட்டியலை j₁, …, jₘ என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டுமே நேர வரிசையில் இருக்கட்டும். பிறகு முதலை முதலோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட வேண்டும். முடியும் நேரத்தை f என்றும் தொடங்கும் நேரத்தை s என்றும் குறித்தால், நிறுவ வேண்டியது இது: k வரையுள்ள ஒவ்வொரு r-க்கும் f(iᵣ) ≤ f(jᵣ). நம் அரங்கில் கிரீடியின் முடிவு நேரங்கள் 11, 1, 3. மற்றப் பட்டியலுக்கு 11, 1, 4. முதல் இரண்டு இடங்களிலும் சமம் என்பதால் ≤ என்றே எழுத வேண்டும். < என்று எழுதினால் கூற்றே பொய்யாகிவிடும்.

r = 1 எளிது. எல்லாவற்றிலும் முதலில் முடிவதைத்தானே கிரீடி எடுத்தது. அடுத்து, r−1 வரை கூற்று உண்மை என்று கொள்வோம். jᵣ₋₁ முடிந்த பிறகுதான் jᵣ தொடங்கும். ஆகவே f(iᵣ₋₁) ≤ f(jᵣ₋₁) ≤ s(jᵣ). அதாவது, கிரீடி தன் r-ஆவது தேர்வைச் செய்யும் தருணத்தில் jᵣ இன்னும் நீக்கப்படாமல் பட்டியலில் இருக்கிறது. கையில் இருந்தவற்றில் முதலில் முடிவதை கிரீடி எடுத்ததால் f(iᵣ) ≤ f(jᵣ). நிரூபணத்தின் உயிரே “jᵣ இன்னும் பட்டியலில் இருக்கிறது” என்ற வரிதான். அது விடுபட்டால் மற்ற வரிகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

இந்த இடத்தில் நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கிரீடி முந்துகிறது என்று காட்டியாயிற்று, எண்ணிக்கை பற்றி இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. கடைசிப் படி வேண்டும். m > k என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் jₖ₊₁ என்று ஒன்று உண்டு. அது f(jₖ)-க்கு முன் தொடங்காது. f(iₖ) ≤ f(jₖ) என்பதால் f(iₖ)-க்கு முன்பும் தொடங்காது. எனவே கிரீடி எடுத்த எதோடும் அது மோதாது. பட்டியல் காலியான பிறகே நிற்கும் கிரீடி, அதை வைத்துக்கொண்டு k-இல் நின்றிருக்க முடியாது. இது முரண்பாடு. ஆகவே m = k.

கடைசிப் படி எவ்வளவு முக்கியம் என்பது, விண்ணப்பங்களுக்குக் கட்டணம் வைத்தால் புரியும். கண்காட்சிக்கு 10,000 ரூபாய், மற்ற ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய், வருமானமே குறி என்று கொள்வோம். கிரீடிக்கு 3,000 ரூபாய்தான் கிடைக்கும். கண்காட்சியை மட்டும் எடுத்தால் 10,000. முந்துகிறது என்ற கூற்று இப்போதும் பொய்யாகவில்லை: யோகா முடிவது 11 மணிக்கு, கண்காட்சி முடிவது 2 மணிக்கு. ஆனால் முந்தி முடிவதிலிருந்து எண்ணிக்கைக்குப் போக வழி உண்டு, வருமானத்துக்குப் போக வழி இல்லை. அந்தக் கணக்குக்கு டைனமிக் புரோகிராமிங் தேவைப்படும்.