ஆட்ட நாயகன் பந்தயம் ஏன் தொடக்க ஆட்டக்காரர்கள் பக்கம் சாய்கிறது?

ஆட்ட நாயகன் விருது யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே பணம் கட்டும் பந்தயம், அது சட்டப்படி நடக்கும் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உண்டு. களமிறங்கும் 22 பேருக்கும் தனித்தனி விலை இருக்கும். விலை 8 என்றால், 1 ரூபாய் கட்டியவர் ஜெயித்தால் 8 ரூபாய் வாங்குவார். விலை குறையக் குறைய வாய்ப்பு அதிகம் என்று பொருள். டி20 ஆட்டங்களில் குறைந்த விலைகள் பெரும்பாலும் முதல் மூன்று இடங்களில் ஆடும் பேட்டர்களுக்கே.

காரணம், கையில் கிடைக்கும் பந்துகள். ஒரு இன்னிங்ஸில் 120 பந்துகள். பந்துவீச்சாளருக்கு அதில் 24தான். தொடக்க ஆட்டக்காரருக்கு அப்படி வரம்பு இல்லை. நின்று ஆடினால் பாதிப் பந்துகளை அவரே சந்திக்கலாம். ஆறாவதாக வருபவருக்கு மிஞ்சியதுதான்.

2024 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய 7 இன்னிங்ஸில் கோலி எடுத்தது மொத்தமே 75 ரன். பார்ம் இல்லாவிட்டாலும் தொடக்க இடம் அவரிடமே இருந்தது. இறுதியில் 59 பந்துகளில் 76 ரன் எடுத்தார். பிறகு, 30 பந்துகளில் 30 ரன் என்ற நிலையிலிருந்து தென்னாப்பிரிக்காவை மடக்கியது பந்துவீச்சு. ஆனால் அந்தப் பெருமை மூவருக்குப் பங்கானது: ஹர்திக் 3 விக்கெட், பும்ரா 18 ரன்னுக்கு 2, அர்ஷ்தீப் 2. விருது கோலிக்குப் போனது. பும்ராவுக்குத்தான் என்று வாதாட நிறையவே இடம் உண்டு. ஆனால் விருதைத் தீர்மானிப்பது நடுவர் குழுவின் கருத்து, சூத்திரம் அல்ல. பந்தயப் பணமும் அந்த அறிவிப்பின்படியே பட்டுவாடா ஆகும்.

விருது பெரும்பாலும் ஜெயித்த அணிக்கே போவதால், விலையில் அணியின் வெற்றி வாய்ப்பும் கலந்திருக்கிறது. ஓர் அணி ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு, ஜெயித்தால் அதன் தொடக்க ஆட்டக்காரர் விருது பெற 20 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 10 சதவீதம். நியாயமான விலை 10. நிறுவனம் தன் லாபத்தைக் கழித்து 8 தரலாம். போதாக்குறைக்கு, ரசிகர்கள் பிரபல பேட்டர்கள் மேல்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். விலை இன்னும் இறங்கும். அதாவது பட்டியலில் முதலில் இருப்பவர் ஜெயிக்க வாய்ப்புள்ளவர்தான், ஆனால் அந்த விலைக்குத் தகுந்தவர் என்று சொல்ல முடியாது.

இரண்டு வேலையும் செய்யும் ஆல்ரவுண்டர்களுக்கு இந்தச் சாய்வு குறைவு. பந்துவீச்சுக்கு உதவும் ஆடுகளத்திலும் கணக்கு மாறும். 2022 இறுதியில் பாகிஸ்தான் 137 ரன்னில் அடங்கியது; 12 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்த சாம் கரன் ஆட்ட நாயகன் ஆனார்.