பக்கத்தின் தலை எங்கே?

பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்க்கும் பணியில் எனக்கும் சிறு பங்கு உண்டு. அதில் நான் அறிந்த ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறேன்.

கணினிக்குள் வந்த பக்கம் வெறும் படமே, எழுத்து அன்று. அதை எழுத்தாக்குவது எழுத்துணரி என்னும் மென்பொருள். பக்கம் தலைகீழாக இருந்தால் அது வாய்மூடி நிற்பதில்லை. ஏதோ எழுத்துகளைக் கோத்துப் பொருளற்ற சொற்களைத் தந்துவிடுகிறது. பின்னாளில் ஒருவர் தம் ஆசிரியரின் பெயரைத் தேடினால் அது கிடைக்காது. பக்கம் இருந்தும் இல்லாததற்குச் சமம்!

பக்கம் ஏன் புரள்கிறது? தடித்த தொகுப்பை முழுதும் விரித்தால் முதுகு முறியும். ஆகவே ஸ்கேனரின் விளிம்பில் முதுகை வைத்து ஒவ்வொரு பக்கமாக எடுக்கிறோம். இடப்பக்கத்தை எடுத்தபின் வலப்பக்கத்திற்காக நூலைத் திருப்பி வைப்பதால், ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகிறது.

கைப்பேசிப் படத்தில் வேறொரு சிக்கல். அது படத்தைத் திருப்பாமல், "இப்படித் திருப்பிக் காட்டுக" என்ற குறிப்பை மட்டும் உள்ளே எழுதி வைக்கும். திரையில் நேராகத் தெரியும். அக்குறிப்பைப் பாராத எழுத்துணரிக்கோ படம் சாய்ந்தே கிடக்கும்.

திசையைக் கணினி எவ்வாறு அறிகிறது? வரிகளுக்கு இடையே உள்ள வெள்ளை இடைவெளியைக் கொண்டு, பக்கம் நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஆனால் நேரா, தலைகீழா என்பதற்கு அது உதவாது; இரண்டிலும் இடைவெளி ஒன்றே. எனவே 'டெசராக்ட்' என்னும் எழுத்துணரி எழுத்துகளை நான்கு திசையிலும் வைத்துப் பார்த்து, எத்திசையில் அவை நன்கு பொருந்துகின்றன என்று கணக்கிடுகிறது. படிக்குமுன் திசையை மட்டும் கேட்க ஒரு கட்டளை உண்டு:

```
tesseract p12.png - --psm 0
```

தலைப்பகுதி இடப்புறம் சாய்ந்த ஒரு பக்கத்திற்குக் கிடைத்த விடையின் பகுதி இது:

```
Orientation in degrees: 270
Rotate: 90
Orientation confidence: 6.42
```

இரண்டாம் வரியே நமக்கு வேண்டியது: கடிகாரச் சுற்றில் 90 பாகை திருப்புக. மூன்றாம் வரி கணினியின் உறுதியைக் காட்டும் எண். அது சுழியை நெருங்கினால் விடையை நம்பாமல் கண்ணால் பார்ப்பதே நன்று. திருப்பிய படத்தைச் சேமித்து, அதன்பின் எழுத்துணரியிடம் கொடுக்க வேண்டும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. நான்கு வரிக் கவிதையோ நிழற்படமோ மட்டும் உள்ள பக்கத்தில் எழுத்துகள் போதாவென்று கணினி விலகிக்கொள்ளக்கூடும். அப்போது அண்டைப் பக்கங்கள் கைகொடுக்கும். 11-உம் 13-உம் நேராகவும், 10-உம் 14-உம் தலைகீழாகவும் இருந்தால், 12-ஆம் பக்கமும் தலைகீழே என்று துணியலாம்.

எழுத்தாக்கியபின், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அப்பக்கம் நேராகிவிட்டது என்று கொள்ளலாம்.