அக்காவுக்கு ஏன் தலை சுத்துச்சு? 2டி கேமில் கேமராவும் அதிர்வும்

ஓய்வு நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன 2டி கேமை ஹாலில் இருக்கும் 43 இன்ச் டிவியில் இணைத்து அக்காவிடம் கொடுத்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "போதும்டா, மலைப்பாதையில பஸ்ல போற மாதிரி வயித்தைப் பிரட்டுது" என்றாள்.

அந்த கேமில் வெடிச் சத்தம் வந்தால் திரை அதிரும். ஆக, குற்றவாளி அதுதான் என்று நினைத்து அதிர்வை முழுசா எடுத்துவிட்டேன். மறுநாளும் அதே பத்து நிமிஷம், அதே குமட்டல். அப்போதுதான் சந்தேகம் கேமரா பக்கம் திரும்பியது.

பஸ்ஸில் குமட்டல் வருவது, உடம்பு ஆடுவதை உட்செவி சொல்லும்போது கண் புத்தகத்தையோ முன் சீட்டையோ பார்த்து "எதுவும் அசையலையே" என்று சொல்வதால். கேமில் இது தலைகீழ். கண் நிறைய பின்னணி நகர்கிறது, உட்செவியோ சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது. பின்னணி எவ்வளவு பெரிய பரப்பில் நகர்கிறதோ அவ்வளவுக்கு இந்த முரண்பாடு கூடும். நான் மாசக்கணக்கில் 14 இன்ச் லேப்டாப்பில் பார்த்தேன், அதிலும் பழகிப்போன கண். எனக்கு ஒன்றும் தெரியாததில் ஆச்சரியமில்லை.

என் கேமின் திரை 320×180 பிக்சல். நாயகன் ஒரு தாவலில் 48 பிக்சல் எழும்புவான். கேமரா அவனை அப்படியே பின்தொடர்ந்தது. அதாவது ஒவ்வொரு தாவலுக்கும் திரை உயரத்தில் கால்வாசிக்கு மேல் மொத்த உலகமும் கீழே போய் மேலே வரும். ஏறுகிற லெவலில் விநாடிக்கு ஒரு தாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஊஞ்சல்தான், வேறென்ன!

இதற்கான தீர்வு 1990-இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டிலேயே இருக்கிறது. சாதாரணத் தாவலில் மாரியோ மேலே போவான், கேமரா போகாது. அவன் புதிய மேடையில் கால் வைத்த பிறகுதான் அந்த உயரத்துக்கு நகரும். இத்தாய் கெரன் 2015-இல் ஜிடிசி மாநாட்டில் பழைய கேம்களின் கேமராக்களை வரிசையாகப் பிரித்துக் காட்டிய உரையில் இதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

```
k = 6
if player.on_ground:
    target.y = player.y
elif player.y > cam.y + 60:
    target.y = player.y - 60
    k = 15
cam.y += (target.y - cam.y) * (1 - exp(-k * dt))
```

நடுவில் இருக்கும் `elif` பள்ளத்தில் விழுவதற்கு. அங்கே தரை வரும் வரை காத்திருந்தால் ஆள் திரைக்கு வெளியே போய்விடுவான். `k`-ஐ ஏன் கூட்டினேன் என்றால், இந்த வகைப் பின்தொடர்தலில் கேமரா எப்போதும் வேகத்தை `k`-ஆல் வகுத்த அளவு பின்தங்கும். விநாடிக்கு 300 பிக்சல் வேகத்தில் விழுபவனை `k = 6` என்று தொடர்ந்தால் 50 பிக்சல் பின்தங்கி, அவன் மையத்துக்கு 110 பிக்சல் கீழே இருப்பான். திரை 90-லேயே முடிந்துவிடுகிறது. 15 என்றால் 80-இல் நிற்பான்.

கடைசி வரியில் `exp` இருப்பதும் அழகுக்கு இல்லை. முன்பு அங்கே வெறும் `0.1` என்று எழுதியிருந்தேன், ஒவ்வொரு ஃப்ரேமிலும் மீதி தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. 60 ஃப்ரேம் ஓடும் என் லேப்டாப்பில் அது இதமாக இருந்தது. நண்பனுடைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதே கேமரா 2.4 மடங்கு விறைப்பாக வெட்டி இழுத்தது.

கிடைமட்டத்தில் ஒரே ஒரு தப்பு. ஓடும் திசையில் முன்னால் இருப்பது தெரியட்டும் என்று கேமராவை 40 பிக்சல் முன்தள்ளி வைத்திருந்தேன். எதிரியைச் சமாளிக்க இடம் வலம் என்று திரும்பினால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் உலகம் 80 பிக்சல் வீசி அடிக்கும். இப்போது புதிய திசையில் 24 பிக்சல் நடந்த பிறகுதான் பக்கம் மாறுகிறது.

இந்தத் திருத்தங்களோடு அக்கா அரை மணி நேரம் ஆடினாள். சரி என்று அதிர்வைத் திரும்பச் சேர்த்தேன். அங்கேதான் அடுத்த பூதம்.

முதலில் நான் எழுதியிருந்தது, `cam.x`-இலேயே ஒரு ரேண்டம் எண்ணைக் கூட்டுவது. கேமரா அடுத்த ஃப்ரேமில் அந்த விலகலையும் சேர்த்து மெதுவாகத் திரும்ப இழுக்கும். அதற்குள் அடுத்த ரேண்டம் வந்துவிடும். விளைவு, துடிப்பான அதிர்வு மழுங்கி, படகு மாதிரி மெல்ல ஆடும் அசைவாகிவிடுகிறது. எட்டு பிக்சல் என்று எழுதியது சில சமயம் இருபதைத் தொட்டது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆளை அசையாமல் நிறுத்தி ஒரு குண்டை வெடிக்க வைத்து `cam.x`-ஐ அச்சிட்டுப் பாருங்கள். ஒரே எண் வந்துகொண்டே இருக்க வேண்டும். மாறினால் அதிர்வு கேமராவுக்குள் கசிகிறது.

அதிர்வு வரையும் நேரத்தில் மட்டும் மேலே போர்த்துகிற ஒரு போர்வை. ஸ்குவிரல் ஐசர்லோ 2016 ஜிடிசி உரையில் சொன்ன முறைதான் நான் இப்போது வைத்திருப்பது. `trauma` என்று 0 முதல் 1 வரை ஓர் எண். அடி விழுந்தால் ஏறும், நேரம் போகப் போக இறங்கும். அதிர்வின் அளவு அதன் வர்க்கம்.

```
trauma = max(0, trauma - 1.5 * dt)
s = trauma * trauma * user_scale
view.x = cam.x + 8 * s * noise(1, t * 12)
view.y = cam.y + 8 * s * noise(2, t * 12)
```

வர்க்கம் எடுப்பதால் சின்ன அடி சின்னதாகவே இருக்கும், முடியும்போதும் வெடுக்கென்று நிற்காமல் கரைந்துபோகும். `noise` என்பது -1 முதல் 1 வரை வழுக்கிக்கொண்டு மாறும் பெர்லின் நாய்ஸ். ரேண்டம் போட்டால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் குதிக்கும், கண் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. உயிர்க்கோடு, மதிப்பெண் எல்லாம் `cam`, `view` இரண்டையும் தொடாமல் தனியாக வரையப்படுகின்றன. அதிரும் திரையில் கண்ணுக்கு ஊன்றுகோல் அவைதான். ஐசர்லோ 2டி-யில் திரையைச் சுழற்றவும் சொல்கிறார். நான் விட்டுவிட்டேன். பிக்சல் ஓவியத்தில் அசிங்கமாக இருக்கிறது, தொடுவானம் சாய்வது குமட்டலுக்கும் நல்லதில்லை.

கணக்கில் ஒரு பொறி இருந்தது. முதலில் `trauma` விநாடிக்கு 0.5 வீதம் இறங்கும்படி வைத்திருந்தேன். கடைசி லெவலில் ஒரு கல் அரக்கன், 0.8 விநாடிக்கு ஓர் அடி எடுத்து வைப்பான், ஒவ்வோர் அடிக்கும் 0.4 கூட்டினேன். 0.8 விநாடியில் இறங்குவதும் சரியாக 0.4! அடியெடுப்பே இறக்கம் முழுவதையும் தின்றுவிட்டது. அதன்மேல் வாள்வீச்சுக்கு 0.5 கூட்டியதெல்லாம் இறங்க வழியில்லாமல் தேங்கி, இரண்டாவது வெட்டிலேயே உச்சிக்குப் போய், சண்டை முடியும்வரை 0.6-க்குக் கீழே வரவே இல்லை. கோடில் பிழை என்று எதுவும் தெரியாது, ஆடுபவர் வயிற்றுக்குத்தான் தெரியும்.

இப்போது இறக்கம் 1.5. அடிச்சத்தம் கூட்டுவதில்லை, `trauma = max(trauma, 0.4)` என்று மட்டும் வைக்கிறது. அது ஒரு பிக்சலுக்குக் கொஞ்சம் மேல் அசைந்து கால் விநாடிக்குள் அடங்கிவிடும், அடுத்த அடிக்கு முன் அரை விநாடி திரை சும்மா இருக்கும். வாள்வீச்சு மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

`user_scale` அமைப்புகளில் இருக்கும் ஒரு ஸ்லைடர், சுழியம் வரை இறங்கும். செலஸ்டியிலும் திரை அதிர்வை அணைக்க வழி உண்டு. சுழியத்தில் வைப்பவருக்கும் அடியின் கனம் தெரியட்டும் என்று, வெட்டு விழுந்ததும் எல்லாவற்றையும் மூன்று ஃப்ரேம் உறைய வைக்கிறேன். வெள்ளை மின்னல் வேண்டாம், அது வலிப்பு உள்ளவர்களுக்கு வேறு ஆபத்து.

சோதனைக்கு அக்காவிடம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை 0 முதல் 10 வரை ஒரு எண் கேட்பேன். 3 சொன்னால் அன்றைக்கு நிறுத்தம், ஏனென்றால் ஒருமுறை வந்த குமட்டல் சீக்கிரம் போகாது, அதற்குப் பிறகு சொல்லும் எண்ணை நம்பவும் முடியாது. அரக்கன் சண்டைக்கு இப்போது 0 சொல்கிறாள். லிஃப்ட் மாதிரி மேடை ஏறி இறங்கும் லெவலுக்கு மட்டும் இன்னும் 2. அங்கே ஆள் தரையில் நின்றபடியேதான் மேலும் கீழும் போகிறான், என் `on_ground` வித்தை வேலை செய்யாது. "அந்த லிஃப்டை எடுத்துட்டு ஏணி வைடா" என்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.