இறந்தவரின் பிட்காயினை எடுப்பது எப்படி?

வீட்டில் ஒருவர் திடீரென்று போய்விட்டால், அவருடைய மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் கணக்குகளின் பாஸ்வேர்டு தெரியவில்லையே என்று குடும்பம் தவிக்கும். அந்தத் தவிப்பு தேவையே இல்லை. பங்கும் யூனிட்டும் யார் பெயரில் இருக்கின்றன என்பது நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. இறப்புச் சான்றிதழும் நாமினியின் கேஒய்சி ஆவணங்களும் கொடுத்தால், அந்தப் பதிவேட்டில் பெயர் மாறும். நாமினி இல்லையென்றால் தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், தொகையைப் பொறுத்து இன்னும் சில தாள்கள். அலைச்சல்தான், ஆனால் வழி இருக்கிறது. எங்கே எவ்வளவு போட்டிருந்தார் என்பது தெரியாவிட்டால், அவர் இமெயிலுக்கு வரும் CAS அறிக்கையைத் தேடுங்கள். அவருடைய பான் எண்ணில் உள்ள ஃபண்டும் பங்கும் அதில் ஒன்றாக இருக்கும். போனில் ஓடிபி வருகிறதே என்று அவர் பெயரிலேயே உள்ளே நுழைந்து விற்றுவிடுவதுதான் வம்பு. நாளைக்கு இன்னொரு வாரிசு கேட்டால் பதில் சொல்ல முடியாது.

கிரிப்டோவில் இரண்டு வகை உண்டு. எக்ஸ்சேஞ்ச் கணக்கிலேயே காயினை விட்டுவைத்திருந்தால் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. இதே தாள்களோடு அங்கே போய்க் கேட்கலாம். காயினைத் தன் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தால், கேட்பதற்கு ஆள் கிடையாது. கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அதனால் வாரிசுக்கு உரிமை உண்டு. ஆனால் பிட்காயின் வலையமைப்புக்கு நீதிமன்ற ஆணையைப் படிக்கத் தெரியாது. சரியான சாவியால் கையெழுத்திட்ட கட்டளை வந்தால் காயினை நகர்த்தும், இல்லாவிட்டால் நகர்த்தாது.

அப்படி ஒரு வாலட் இருப்பதே தெரியாத வீடுகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல தடயம் இருக்கிறது. 2022 ஜூலை முதல் கிரிப்டோ விற்றால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். வருமான வரித் தளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிவுசெய்துகொண்டு, இறந்தவரின் AIS அறிக்கையைப் பார்த்தால், அந்தப் பிடித்தமும் பிடித்த எக்ஸ்சேஞ்சின் பெயரும் தெரியும். அங்கிருந்து எந்த முகவரிக்குக் காயின் அனுப்பினார் என்பது அவருடைய இமெயிலிலோ எக்ஸ்சேஞ்ச் கணக்கு விவரத்திலோ இருக்கும். அந்த முகவரியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக் காயினை எடுக்க முடியாது. ஆனால் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் பொதுப் பேரேட்டில் பார்க்கலாம். கனடாவில் குவாட்ரிகா சிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தபோது, சாவி அவரோடு போய்விட்டது, வாடிக்கையாளர் பணமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது என்றார்கள். தணிக்கையாளர்கள் பேரேட்டைப் பார்த்தால், அந்த வாலட்டுகள் அவர் இறப்பதற்குப் பல மாதம் முன்பே காலி. சாவியைத் தேடி அலைவதற்கு முன்னால் இருப்பைப் பார்ப்பது ஏன் நல்லது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இருப்பு இருக்கிறதென்றால், அடுத்து வீட்டில் தேட வேண்டியது பென் டிரைவ் போன்ற கருவியை அல்ல, ஒரு தாளை. 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரிசையாக எழுதிய தாள். டைரியின் கடைசிப் பக்கத்தில், பாலிசி ஃபைலில், பீரோ லாக்கரில் இருக்கலாம். இதைத்தான் சீட் ஃப்ரேஸ் என்கிறார்கள். வாலட்டில் உள்ள எல்லாச் சாவிகளும் இந்தச் சொற்களிலிருந்து கணக்கிட்டு வருபவை. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும், இதே சொற்களை இன்னொரு கருவியில் இட்டால் அதே காயின் வந்துவிடும். தாள் கிடைக்கும்வரை கருவியில் பின் எண்ணை ஊகித்துப் பார்க்காதீர்கள். லெட்ஜர் கருவி 3 தவறான முயற்சியிலும் டிரெசார் 16 முயற்சியிலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருகின்றன. முதல் சொல் abandon, கடைசிச் சொல் zoo. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. தண்ணீர் பட்டு மை கரைந்த தாளில் stre மட்டும் தெரிந்தால் அது street-தான், வேறு இருக்க முடியாது. இன்னொரு வசதி, கடைசிச் சொல்லின் ஒரு பகுதி முந்தைய சொற்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதனால் மனம்போனபடி 12 சொல்லை அடுக்கினால், சராசரியாக 16 அடுக்குகளில் ஒன்றுதான் செல்லும்.

இதை வைத்து ஒரு தாளைப் பார்ப்போம். 12 சொற்களில் ஏழாவது முழுவதும் அழிந்துவிட்டது, மற்றவை தெளிவாக இருக்கின்றன. அந்த இடத்துக்கு 2,048 சொற்களையும் வைத்துப் பார்த்தால் 128 வாக்கில்தான் செல்லும். ஒவ்வொன்றிலிருந்தும் முகவரியைக் கணக்கிட்டு, நாம் குறித்துவைத்த முகவரியோடு ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டருக்கு நொடி வேலை. இரண்டு சொல் போயிருந்தால் வாய்ப்புகள் சுமார் 42 லட்சம். அதில் செல்லுபடியாவது இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். சாதாரண லேப்டாப்பே முடித்துவிடும். btcrecover என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. நான்கு சொல் போயிருந்தால் 17 லட்சம் கோடிக்கு மேல் வாய்ப்புகள். அதே லேப்டாப்புக்கு ஆண்டுக்கணக்காகும். சொல்லெல்லாம் இருந்து வரிசை மட்டும் தெரியவில்லையென்றால் (துண்டு துண்டாக எழுதி வைத்தவர்கள் உண்டு), 12 சொல்லுக்கு சுமார் 48 கோடி வரிசைகள், செல்லுபடியாவது 3 கோடி. அதுவும் முடியும். 24 சொல் கலைந்திருந்தால் முடியவே முடியாது.

எல்லாச் சொல்லும் சரியாக இருந்தும் வாலட் காலியாகத் திறக்கலாம். இங்கேதான் பலர் ஏமாந்து தாளைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். சிலர் சொற்களோடு கூடுதலாகத் தாங்களே ஒரு கடவுச்சொல் சேர்த்திருப்பார்கள். கருவியில் இதன் பெயர் passphrase. இதைத் தவறாக இட்டால் ‘தவறு’ என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் ஒரு தனி வாலட் திறக்கும். நாம் இட்டதற்கு ஒரு காலி வாலட் திறக்கும், அவ்வளவுதான். பெரிய, சின்ன எழுத்தும் இடைவெளியும்கூடக் கணக்கு. சொற்கள் சரி, பேரேட்டில் காயினும் இருக்கிறது, வாலட் மட்டும் காலி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அவர் வழக்கமாக வைக்கும் பாஸ்வேர்டுகளை ஒரு பட்டியலாக்கி அதே மென்பொருளிடம் கொடுத்தால், குறித்துவைத்த முகவரி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த பழக்கங்கள் இங்கே எந்த நிபுணரையும்விட உதவும்.

இந்த வேலையெல்லாம் இணையத்தைத் துண்டித்த கம்ப்யூட்டரில் நடக்க வேண்டும். மீட்டுத் தருகிறோம் என்று சொற்களைக் கேட்கும் தளத்திலோ வாட்ஸ்அப் ஆளிடமோ கொடுத்தால், கொடுத்த நிமிடமே காயின் போய்விடும். வாலட் திறந்ததும், புதிதாக உருவாக்கிய வேறு சொற்கள் கொண்ட வாலட்டுக்கு முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பிப் பார்த்துவிட்டு மீதியை மாற்றிவிட வேண்டும். பழைய தாளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாதே. வாரிசாகக் கிடைத்ததற்கு வரி இல்லை. விற்கும்போது லாபத்துக்கு 30 சதவீதம் உண்டு. அந்த லாபத்தை இறந்தவர் வாங்கிய விலையிலிருந்து கணக்கிடுவார்கள் என்பதால், அவருடைய எக்ஸ்சேஞ்ச் கணக்கு மூடப்படுவதற்குள் வாங்கிய விவரங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.