ரெஸ்யூமேயில் ஆறாவது வரி

ஆள் எடுக்கும் வேலையில் இருந்தபோது ஒரு நாளைக்கு நூறு ரெஸ்யூமே பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும், படித்தேன் என்று சொல்ல முடியாது. கம்பெனிப் பெயர், பதவி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, அதற்குக் கீழே ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. கண் அதற்குள் அடுத்த கம்பெனிக்கு இறங்கிவிடும். ஆறாவது வரியில் தங்கமே இருந்தாலும் அது ஆறாவது வரிதான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு வருடம் கணக்கு பார்த்த இளைஞரின் ரெஸ்யூமே ஒருமுறை திருத்துவதற்காக என்னிடம் வந்தது. கோவையில் ஜிஎஸ்டி எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விண்ணப்பிக்க இருந்தார். நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஆறு வரி எழுதியிருந்தார். முதல் வரி: டேலியில் தினசரி வவுச்சர் பதிவு. பிறகு வரிசையாக பேங்க் கணக்கு ஒத்துப் பார்த்தது, சப்ளையர் பில் சரிபார்த்தது, சம்பளப் பட்டியல், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல். கடைசியில் ஏற்றுமதி ரீஃபண்ட் விண்ணப்பம்.

ஏன் இந்த வரிசை என்று கேட்டேன். “சேர்ந்ததும் வவுச்சர்தான் சார் கொடுத்தாங்க. ரீஃபண்ட் வேலை போன வருஷம்தான் கைக்கு வந்தது” என்றார். வேலை கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறார். படிப்பவருக்கோ அவர் இன்னும் வவுச்சர் போடுகிறவராகத்தான் தெரிவார்.

விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். அதில் கேட்டவை மூன்று: மாத ரிட்டர்ன், உள்ளீட்டு வரியை ஒத்துப் பார்ப்பது, ரீஃபண்ட். எதை முதலில் வைப்பது? ரீஃபண்ட் தெரிந்த ஆள் குறைவு, அதுவே முதலில் வரட்டும் என்றார் அவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளம்பரம் முதலில் கேட்டதைத்தான் சலிப்பவர் கண் முதலில் தேடும். அதனால் ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் மேலே ஏறியது.

இரண்டாவது இடத்துக்கு வந்தது நாங்கள் எதிர்பார்க்காத வரி. ‘சப்ளையர் பில் சரிபார்த்தல்’ என்று மூன்றாவதாக எழுதியிருந்தாரே, அது என்ன வேலை என்று துருவிக் கேட்டேன். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு பில்களை ஒப்பிட்டு, அதில் வராத பில்லுக்குப் பணத்தை நிறுத்தி, சப்ளையருக்குப் போன் போட்டு ரிட்டர்ன் போடவைத்திருக்கிறார். 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியலில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பதால், இதுதான் அந்த வேலையின் உயிர்நாடி. நான்கு வருடமாகச் செய்த வேலைக்கு அவர் வைத்த பெயர் ‘பில் சரிபார்த்தல்’! வரியை இடம் மாற்றப் போனால்தான் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிகிறது.

மூன்றாவதாக ஆர்எஃப்டி-01 ரீஃபண்ட் விண்ணப்பம். இதில் ‘கடந்த ஓராண்டாக’ என்று சேர்க்கச் சொன்னேன். மேலே ஏற்றிய வரியிலிருந்துதான் நேர்முகத் தேர்வின் முதல் கேள்வி வரும். ஒரே ஒருமுறை தொட்ட வேலையை உச்சியில் வைத்தவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். வவுச்சரும் பேங்க் கணக்கும் சேர்ந்து ஒரே வரியாகக் கீழே போயின. சம்பளப் பட்டியல் கடைசி. அவரே நாளை சம்பளப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்தால் அந்த வரிதான் தலைமாட்டுக்கு வரும்.

அதற்கு முந்தைய ஹார்டுவேர் கடை வேலையிலும் இதே கணக்குதான். மூன்று வரியில் இ-வே பில் போட்டது முதலில் வந்தது. ஆனால் வேலைகளின் வரிசையில் கை வைக்கவில்லை. புதியது மேலே, பழையது கீழே. அதைக் கலைத்தால் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் வரும்.

ஒரே நிறுவனத்தில் பதவி உயர்ந்தவர்களுக்கு இந்த முறை கொஞ்சம் இடறும். எல்லா வரியையும் கலந்தால் வளர்ச்சி தெரியாமல் போகும். இரண்டு பதவிக்கும் தனித்தனித் தலைப்பும் ஆண்டும் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசைப்படுத்த வேண்டும். இன்னொன்று, ‘இதனால்’, ‘அதற்குப் பிறகு’ என்று தொடங்கும் வரிகள். மேல் வரி இடம் மாறியதும் அவை அநாதையாகிவிடும்.

முடித்ததும், விளம்பரத்தையே பார்க்காத அவர் தங்கையிடம் ஒவ்வொரு வேலையிலும் முதல் இரண்டு வரியை மட்டும் காட்டி, அண்ணன் என்ன வேலைக்குப் போகிறார் என்று கேட்கச் சொன்னேன். “வரி சம்பந்தமா ஏதோ” என்றாராம். அது போதும். பழைய ரெஸ்யூமேயைக் காட்டியிருந்தால் “டேலி ஆபரேட்டர்” என்றிருப்பார்.

விளம்பரத்துக்கு விளம்பரம் வரிசை மாறும் என்பதால் கோப்பின் பெயரில் வேலையின் பெயரையும் சேர்த்துச் சேமியுங்கள். அனுப்புவதற்கு முன் இணைத்த கோப்பை ஒருமுறை திறந்தும் பாருங்கள். ஜிஎஸ்டி வேலைக்கு வந்த மின்னஞ்சலில் சம்பளப் பிரிவு ரெஸ்யூமே இருந்ததை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன்.