ப்ளக் வாசலுக்கு, க்ராங்க் ஷாஃப்ட் கடைக்கோடிக்கு

மாதவரம் பக்கம், வாகன உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு குடோனில், சரக்கு எடுத்துத் தரும் தம்பி ஒருவரின் பின்னாலேயே ஒரு காலைப் பொழுது முழுக்க நடந்தேன். அவர் கையில் ஆர்டர் சீட்டு, முன்னால் ஒரு டிராலி. சீட்டின் முதல் வரி ஸ்பார்க் ப்ளக், பத்து. அது நான்காவது சந்தில், கடைசி ரேக்குக்கு முந்தைய ரேக்கில் இருந்தது. எடுத்து வந்து பேக்கிங் மேஜையில் வைத்தார். அடுத்த சீட்டு வேறொரு கடையுடையது. அதிலும் ஸ்பார்க் ப்ளக். மறுபடியும் நான்காவது சந்து. பதினொரு மணிக்குள் அந்த ஒரே இடத்துக்கு ஆறு தடவை போய் வந்துவிட்டோம். மேஜையை ஒட்டி, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற ரேக்கிலோ க்ராங்க் ஷாஃப்ட்டும் சிலிண்டர் கிட்டும் அடுக்கியிருந்தன. அன்று காலை அந்த ரேக் பக்கம் யாருமே போகவில்லை.

“ப்ளக்கை இங்க வெச்சா என்ன தம்பி?” என்று கேட்டேன்.

“இது ஏ ஐட்டம் ரேக் சார். விலை கூடின சரக்கு. ஓனர் கண்ணு முன்னாடி இருக்கணும்னு வெச்சது.”

அந்த பதிலில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. சரக்கை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி 1951-இல் அதை எழுதி வெளியிட்டார். எந்தச் சரக்கில் பணம் அதிகம் முடங்குகிறது, எதை வாங்கும்போது கவனம் அதிகம் வேண்டும் என்று பார்ப்பதற்காக வந்த முறை அது. அங்கே க்ராங்க் ஷாஃப்ட் ஏ வகையில் வருவது நியாயம். ஆனால் குடோனில் எதை எங்கே வைப்பது என்பது வேறு கேள்வி. விலையைப் பொறுத்து யாரும் கூடுதலாகவோ குறைவாகவோ நடப்பதில்லை. ஒரு சரக்கைத் தேடி எத்தனை தடவை போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நடை கூடுகிறது, குறைகிறது. அதே மூன்று எழுத்து, எண்ண வேண்டியது மட்டும் வேறு.

எத்தனை உருப்படி விற்றது என்று எண்ணினாலும் தப்பாகிவிடும். வாஷர் நூறு நூறாகப் போகிறது. நூறு வாஷர் எடுக்க ஒரு நடைதான். ஏர் ஃபில்டர் ஒன்றிரண்டாகப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. எண்ண வேண்டியது பில்லில் உள்ள வரிகளை. ஒரு பார்ட் நம்பர் மூன்று மாத பில்களில் எத்தனை வரியில் வந்திருக்கிறது? அதுதான் நடைக் கணக்கு. பில்லிங் மென்பொருளிலிருந்து எல்லா வரிகளையும் எக்ஸெலுக்கு இறக்கி, பார்ட் நம்பர்கள் B பத்தியிலும், அவற்றின் தனிப் பட்டியல் H பத்தியிலும் இருந்தால், ஒரே ஒரு ஃபார்முலா போதும்:

```
=COUNTIF(B:B,H2)
```

இதைக் கீழே வரை இழுத்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உதிரிபாகத் தொழிலில் கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது பார்ட் நம்பரை மாற்றுவார்கள். அதே பிரேக் ஷூ போன மாதம் வரை ஒரு நம்பர், இந்த மாதத்திலிருந்து இன்னொரு நம்பர். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காமல் எண்ணினால், ஏ வகையில் இருக்க வேண்டிய பிரேக் ஷூ இரண்டாக உடைந்து பி வகையில் ஒளிந்துகொள்ளும். பட்டியல் வந்ததும் சரக்கு எடுப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். “இது தினமும் எடுக்கிறதாச்சே, இவ்வளவு கீழே எப்படிப் போச்சு?” என்று அவர் கேட்டால், பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்.

கணக்கு புரிவதற்காக ஒரு குடோனை வைத்துக்கொள்வோம். எண்களை முழு எண்களாகவே வைக்கிறேன். பார்ட் நம்பர்கள் 2,000. மூன்று மாதத்தில், அதாவது 75 வேலை நாளில், 45,000 வரிகள். வரிசைப்படுத்திப் பார்த்தால் முதல் 240 பார்ட்டுகளே 31,500 வரிகளை எடுத்துக்கொள்கின்றன. மொத்தத்தில் 70 சதவீதம். இது ஏ. அடுத்த 460 பார்ட்டுகளுக்கு 20 சதவீதம், இது பி. மிச்சம் 1,300 பார்ட்டுகளுக்கும் சேர்த்து 10 சதவீதம்தான்; இது சி. 70, 90 என்று எங்கே கோடு போடுவது என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. வாசல் பக்கம் எவ்வளவு ரேக் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி கோட்டை மேலே கீழே நகர்த்தலாம்.

இந்த குடோனின் நீளம் 60 மீட்டர், டிஸ்பாட்ச் வாசல் ஒரு முனையில். சரக்கு கண்டபடி கலந்து கிடந்தால், ஒரு வரிக்குப் போகும் தூரம் சராசரியாக 30 மீட்டர். இப்போது ஏ சரக்கை முதல் 15 மீட்டருக்குள்ளும், பி சரக்கை அடுத்த 17 மீட்டரிலும், சி சரக்கை மீதி இடத்திலும் வைத்தால், சராசரி ஏறக்குறைய 15 மீட்டருக்கு இறங்கிவிடும். பாதி.

இந்தப் “பாதி”யைக் கேட்டதும் பலர் ரேக்கை நகர்த்தக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரு தடவை போனால் ஒரே ஒரு பொருள் எடுத்து வருவதாக வைத்துப் போட்ட கணக்கு இது. கடைக்காரர் அனுப்பும் ஆர்டரில் பத்து வரி இருக்கும். பத்தில் ஒரே ஒரு வரி சி வகையாக இருந்தாலும், தம்பி கடைக்கோடி வரை நடந்துதான் ஆக வேண்டும். மிச்சம் ஒன்பதும் வாசலருகே இருந்து என்ன பயன்? ஒவ்வொரு வரியும் சி-யாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், பத்து வரி ஆர்டர் நூறில் சுமார் 65-இல் குறைந்தது ஒரு சி வரியாவது இருக்கும். ஆக, பத்து வரி ஆர்டர்களே ஓடும் இடத்தில் மிச்சமாகும் நடை பாதி அல்ல, ஏறக்குறைய கால்வாசிதான். சரக்கை எல்லாம் இடம் மாற்றி முடித்த பிறகு “சொன்ன அளவுக்குக் குறையவில்லையே” என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாந்திருப்பார்கள்.

இதைத் தீர்க்க ரேக்கை இன்னும் நகர்த்திப் பயனில்லை, எடுக்கும் முறையை மாற்ற வேண்டும். சி வரிகளைச் சீட்டிலிருந்து தனியாகப் பிரித்துவிட வேண்டும். மணிக்கு ஒரு தடவை ஒரே ஒருவர், அதுவரை சேர்ந்த பதினைந்து இருபது ஆர்டர்களின் சி சரக்கை மொத்தமாக ஒரே நடையில் எடுத்து வருவார். மற்றவர்கள் முன்பக்கத்திலேயே சுழல்வார்கள். இரண்டும் பேக்கிங் மேஜையில் ஒன்று சேரும். எந்தச் சரக்கு யார் ஆர்டர் என்று மேஜையில் பிரித்து வைக்க, ஆர்டருக்கு ஒரு பிளாஸ்டிக் டப் வேண்டும். அந்த டப் இல்லாமல் இதைச் செய்தால் மாலை பார்சல் லாரிக்குச் சரக்கு மாறிப் போகும். அந்தக் குழப்பத்தைச் சரிக்கட்ட ஆகும் நேரம், மிச்சம் பிடித்த நடையைவிட அதிகம்.

அடுத்தது இடத்தின் கணக்கு. பைக் பெட்ரோல் டேங்க் நன்றாகப் போகிற சரக்கு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40 வரி. வரிகளை மட்டும் பார்த்தால் அது முன்பக்கம் வர வேண்டும். ஆனால் ஒரு ரேக் முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். அதே ரேக்கில் பத்து சின்ன டப்பாக்களில் ப்ளக், பல்பு, கேபிள், பிரேக் ஷூ வைத்தால் மாதம் 400 வரி அங்கிருந்து போகும். வாசலருகே உள்ள இடம் கொஞ்சம்தான். ஒரு சரக்கு அடைக்கும் இடத்தை அதைத் தேடிப் போகும் நடைகளால் வகுத்துப் பார்த்து, குறைந்த எண் வருவதை முன்னால் வைக்க வேண்டும் என்று ஜேம்ஸ் ஹெஸ்கெட் 1963-இல் எழுதினார். டேங்க் பின்னால் போவது இந்தக் கணக்கால்தான்.

முன்பக்கத்தில் ஒரு சரக்கின் முழு ஸ்டாக்கையும் குவிக்க வேண்டியதில்லை. மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் முன்னால் வைத்து, மூட்டையும் பெட்டியுமாக உள்ளதை மேல்தட்டிலோ பின்னாலோ வைக்கலாம். சாயங்காலம் ஒருவர் காலியானதை நிரப்ப வேண்டும். இந்த நிரப்பும் வேலை ஒரு நாள் தவறினால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்: தம்பி முன்பக்க டப்பாவைப் பார்ப்பார், காலி, பின்பக்கம் போவார், ஒரு நடைக்கு இரண்டு நடை. பழைய ஏற்பாட்டில்கூட ஒரு நடைதான் ஆகியிருக்கும். எந்தெந்த டப்பா காலியாக இருந்தது என்று சீட்டிலேயே ஒரு கோடு போடச் சொன்னால், எதற்கு மூன்று நாள் ஸ்டாக் போதவில்லை என்று வாரக் கடைசியில் புரியும்.

முன்பக்கம் என்றதும் எல்லா ஏ சரக்கையும் முதல் சந்திலேயே திணிப்பதும் அடிக்கடி நடக்கிற தவறு. மூன்று பேர் டிராலியோடு ஒரே சந்தில் நின்றால், ஒருவர் குனிந்து எடுக்கும்வரை மற்ற இருவரும் காத்திருப்பார்கள். நடை குறைந்திருக்கும், நேரம் குறைந்திருக்காது. நான்கு சந்து இருந்தால், நான்கின் வாய்ப்பகுதியிலும் ஏ சரக்கைப் பரப்பி வைக்க வேண்டும். ரேக்குக்கு உள்ளேயும் ஏ, பி, சி உண்டு. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தட்டுகளில்தான் கை தானாகப் போகும். அங்கே ஏ சரக்கு. கனமான செயின் ஸ்ப்ராக்கெட் செட் இடுப்பு மட்டத்தில் இருக்கலாம், தலைக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு நூறு தடவை குனிந்து நிமிரும் முதுகின் வலி எந்தச் சீட்டிலும் வராது. அதனாலேயே இதை முதலாளிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு பார்ட்டை இடம் மாற்ற 20 நிமிஷம் என்று வையுங்கள்: சரக்கை நகர்த்தி, லேபிள் ஒட்டி, கணினியில் இடத்தை மாற்றுவதற்கு. நம் கணக்கில் ஒரு ஏ பார்ட்டுக்குச் சராசரியாக 131 வரி, நாளைக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. அதை 30 மீட்டர் முன்னால் கொண்டுவந்தால் போக வர 60 மீட்டர், ஒரு நடைக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். தனித்தனி நடையாக எடுத்தால், இரண்டு வாரத்தில் அந்த 20 நிமிஷம் திரும்பி வந்துவிடும். சி பார்ட்டுக்கு மூன்று மாதத்தில் சராசரி மூன்று நான்கு வரிதான். அதை எதற்கு நகர்த்துவது? தப்பான இடத்தில் இருக்கும் ஏ சரக்கையும், முன்பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சி சரக்கையும் மட்டும் இடம் மாற்றிக்கொண்டால் போதும். நான் பார்த்த குடோனில் என்றால், ப்ளக்கும் க்ராங்க் ஷாஃப்ட்டும் முதல் ஜோடி. கணினியில் இடத்தை மாற்றியும் ரேக்கில் பழைய லேபிளைக் கிழிக்காமல் விட்டால், ஒரு மாதம் வரை ஆட்கள் பழக்கத்தில் பழைய இடத்துக்கே போவார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கையை மறுபடி எடுத்து, கோடு தாண்டியவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பருவச் சரக்குக்கு அந்தக் கணக்கு பிந்திவிடும். சித்திரை, வைகாசி, ஆனி பில்களை வைத்து எண்ணினால் கார் வைப்பர் பிளேடு சி-யில் கிடக்கும். சென்னையில் ஐப்பசி மழை பிடித்தால் அதுவே ஏ. பட்டியல் அதைக் கண்டுபிடிக்கும்போது மழை விட்டிருக்கும். அதனால் அதற்கு மட்டும் போன வருஷத்து இதே மாதங்களின் பில்லைப் பார்க்க வேண்டும். புரட்டாசி கடைசி வாரத்தில் வைப்பர் பெட்டிகள் வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். தை பிறந்ததும் பின்னால் போகலாம்.