தலைப்பாகை ஓரத்தில் பொருந்தாத முகம்

சீக்கிய வீரனாக நடிக்கும் நாயகனுக்குப் பதிலாக, சண்டைக் கலைஞர் ஒருவர் தலைப்பாகையுடன் குதிரையில் பாய்கிறார். பின்னர் கணினியில், இருவரின் சம்மதத்தோடு, அவர் முகத்தின்மேல் நாயகனின் முகத்தைப் பொருத்துகிறார்கள். கண்ணும் வாயும் கச்சிதமாக அமைந்துவிடும். ஆனால் தலைப்பாகையின் கீழ் மடிப்பில் தோல் நிறம் திட்டாகப் படிந்து, வேலை நடந்ததைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முகத்தைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் 68 புள்ளி முறையில் 17 புள்ளிகள் தாடையோரத்தில் அமைகின்றன. மேலே இருப்பவை புருவத்தோடு நின்றுவிடும். நெற்றிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. நெற்றி எதுவரை என்பதை மென்பொருள் ஊகிக்கத்தான் வேண்டும். அங்கே துணி இருப்பது அதற்குத் தெரியாததால், துணியையும் முகமாக்கிவிடுகிறது. கன்னத்தில் தழையும் துப்பட்டாவுக்கும் இதே கதிதான்.

எது முகம், எது துணி என்பதை மனிதர்தான் கற்றுத்தர வேண்டும். டீப்ஃபேஸ்லேப் மென்பொருளில் இதற்கு XSeg என்ற பகுதி உண்டு. நேர்ப்பார்வை, பக்கப்பார்வை, துணி பறக்கும் கணம், கை குறுக்கே வரும் கணம் என்று வேறுபட்ட ஃபிரேம்களைத் தேர்ந்து, தெரியும் தோலைச் சுற்றி மட்டும் கோடு வரைய வேண்டும். அவற்றைப் பார்த்துப் பழகிய பிறகு, மற்ற ஃபிரேம்களில் அது தானே எல்லை பிரிக்கும். ஒரே மாதிரியான ஃபிரேம்களை அதிகம் வரைவதைவிட, வேறுபட்டவை சிலவற்றை வரைவதே பலன் தரும்.

எல்லை சரியானாலும் நிழல் மிச்சமிருக்கிறது. தலைப்பாகைக்குக் கீழே நெற்றியில் மெல்லிய நிழல் விழும்; புதிய முகத்தில் அது இருக்காது. பளிச்சென்ற நெற்றி துணியை முட்டி நிற்கும்போது, முகமூடி மாட்டியதுபோல் ஆகிவிடும். என் கருத்தில், இதற்குச் சிறந்த வழி நெற்றியைத் தொடாமல் விடுவதுதான். மாற்றும் பகுதியைப் புருவத்துக்குச் சற்று மேலேயே முடித்துவிட்டால், சண்டைக் கலைஞரின் நெற்றியும் அதன் நிழலும் அப்படியே நிற்கும். இணைப்பு துணியில் இல்லாமல் தோலில் விழும். அங்கே ஓரத்தைத் தாராளமாக மங்கலாக்கலாம். ஆனால் இருவரின் தோல் நிறத்தையும் முதலில் ஒத்துப்போகச் செய்யாவிட்டால், நெற்றியில் பட்டை தெரியும்.

கன்னத்தில் இந்த வசதி இல்லை. துப்பட்டா தோலை ஒட்டியே வருவதால், எல்லையைத் துணியிலிருந்து சில பிக்சல் உள்ளே தள்ளி, மங்கலைக் குறைவாக வைக்க வேண்டும். அதிகமானால் துணியோரத்தில் தோல் நிறம் கசியும்.

சரிபார்க்கும்போது காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, நெற்றிப்பொட்டை மட்டும் கவனியுங்கள். தலை திரும்புகையில் துணியோரம் துடித்தால், அந்தக் கோணத்து ஃபிரேம்களை வரைந்து மறுபடி பழக்க வேண்டும்.

மெல்லிய வலைத்துப்பட்டா முகத்தின் மேலேயே விழுந்தால் இந்த முறை பலிக்காது. துணியும் தோலும் ஒரே பிக்சலில் கலந்திருக்க, கோடு வரைய இடமே இல்லை. அத்தகைய காட்சியை நாயகனை வைத்தே எடுப்பது நல்லது.